அசிட்டிக் அமிலம் எவ்வளவு பிரிந்திருக்கிறது? கடத்துமானியில் அளந்து பிரிகை வீதம் காணும் முழு வழிகாட்டி

0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலின் மோலார் கடத்துத்திறன் 25 டிகிரியில் 128.9. அதே உப்புக்கு அளவிலா நீர்த்தலில் கிடைக்கும் மதிப்பு 149.9. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.86 வருகிறது. இதை வைத்து "KCl 86 சதவீதம்தான் பிரிந்திருக்கிறது" என்று எழுதினால் அது தவறு. அசிட்டிக் அமிலத்துக்கும் இதே வகுத்தலைச் செய்து, 0.1 மோலாரில் 1.3 சதவீதம் பிரிந்திருக்கிறது என்று எழுதினால் அது சரி. கணக்கு ஒன்றுதான், ஆனால் ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. ஏன் என்பது பிடிபட்டுவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது. மீதிப் பாதி ஆய்வகத்தில் கவனமாக அளப்பது.

இந்த வழிகாட்டியில் அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு, கடத்துமானியை அளவுத்திருத்தம் செய்வதிலிருந்து பிரிகை மாறிலி காண்பது வரை போகலாம். மோலார் கடத்துத்திறன் மதிப்புகள் எல்லாம் S cm² mol⁻¹ அலகில், 25 டிகிரி செல்சியஸில். ஒவ்வொரு முறையும் அலகைத் திரும்ப எழுதவில்லை.

அளப்பது எதை, கணக்கிடுவது எதை

கடத்துமானி நேரடியாக அளப்பது இரண்டு மின்வாய்களுக்கு நடுவே இருக்கும் கரைசலின் கடத்துதலை. அதை G என்போம். அது மின்தடையின் தலைகீழ், அலகு சீமன்ஸ். மின்வாய்த் தகடு பெரிதானால் G கூடும், தகடுகளை விலக்கி வைத்தால் குறையும். அதாவது G கரைசலை மட்டும் சொல்வதில்லை, கலத்தின் வடிவத்தையும் சேர்த்தே சொல்கிறது. கலத்தின் பங்கை நீக்க அதைக் கலமாறிலியால் பெருக்குகிறோம். கிடைப்பது நியம கடத்துத்திறன் κ. இது கரைசலுக்கு மட்டுமே உரியது.

ஆனால் κ-வை வைத்து இரண்டு கரைசல்களை ஒப்பிட முடியாது. செறிவு கூடினால் ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் அயனிகளும் கூடும், κ-வும் கூடும். நமக்கு வேண்டியது, கரைத்த ஒவ்வொரு மோலும் மின்சாரத்தைக் கடத்துவதில் எவ்வளவு பங்களிக்கிறது என்பது. அதற்காக κ-வை செறிவு c-யால் வகுத்து மோலார் கடத்துத்திறன் Λ-வைப் பெறுகிறோம்:

Λ = 1000 κ / c

இதில் κ-வின் அலகு S cm⁻¹, c-யின் அலகு mol L⁻¹. அந்த 1000, லிட்டரைக் கன சென்டிமீட்டராக மாற்றுவதற்காக வந்தது. இன்றைய கடத்துமானிகள் பெரும்பாலும் மைக்ரோசீமன்ஸில் காட்டுவதால், κ-வை µS cm⁻¹ அலகிலேயே வைத்து, மில்லிமோலாரில் எழுதிய செறிவால் வகுத்துவிடுங்கள். Λ நேராகவே வந்துவிடும். உதாரணமாக, κ 161 µS cm⁻¹, செறிவு 9.84 மில்லிமோலார் என்றால் Λ 16.4. தேர்வுத்தாள்களில் அதிகம் வரும் தவறு இந்த ஆயிரத்தை மறப்பதுதான். SI அலகில் கேட்டால் கடைசி விடையை 10⁻⁴ ஆல் பெருக்கி S m² mol⁻¹ என்று எழுதினால் போதும்.

Λ குறைய இரண்டு காரணங்கள்

எந்த மின்பகுளியாக இருந்தாலும், செறிவு கூடினால் Λ குறையும். குறையும் விதத்தில்தான் வேறுபாடு.

பொட்டாசியம் குளோரைடு ஒரு வலிமை மிகு மின்பகுளி. 0.001 மோலாரில் அதன் Λ 146.9, 0.01 மோலாரில் 141.2, 0.1 மோலாரில் 128.9. செறிவு நூறு மடங்கு ஏறியும் Λ எட்டில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கிறது. இங்கே அயனிகளின் எண்ணிக்கை குறையவில்லை. கரைத்த KCl கிட்டத்தட்ட முழுவதும் அயனிகளாகவே இருக்கிறது. குறைந்தது அயனிகளின் வேகம். ஒவ்வொரு நேர் அயனியைச் சுற்றியும் சற்று அதிகமாக எதிர் அயனிகள் சூழ்ந்திருக்கும். மின்புலத்தில் நேர் அயனி ஒரு பக்கம் நகரப் பார்க்கும்போது அந்தச் சூழல் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. போதாததற்கு எதிர் அயனிகள் தங்களோடு கரைப்பானையும் எதிர்த்திசையில் இழுத்துச் செல்வதால், நேர் அயனி ஓட்டத்தை எதிர்த்து நகர வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு விளைவுகளையும் டிபையும் ஹக்கெலும் 1923-இல் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் ஓன்சாகர் அதைச் செம்மைப்படுத்தினார். விளைவாக வந்த சமன்பாடு, 25 டிகிரி நீர்க்கரைசலில் 1:1 மின்பகுளிகளுக்கு இது:

Λ = Λ° − (60.2 + 0.229 Λ°) √c

Λ° என்பது அளவிலா நீர்த்தலில் மோலார் கடத்துத்திறன். இந்த வர்க்கமூலத் தொடர்பை கோல்ராஷ் பல ஆண்டுகளுக்கு முன்பே அளவீடுகளிலிருந்து கண்டிருந்தார். அதன் காரணத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள்.

அசிட்டிக் அமிலத்தின் கதை வேறு. 0.1 மோலாரில் அதன் Λ வெறும் 5.20. 0.001 மோலார் அருகே 48 ஆகிறது, 0.00003 மோலார் அருகே 210 ஆகிறது. நாற்பது மடங்கு ஏற்றம். அயனியின் வேகம் இவ்வளவு மாற வாய்ப்பே இல்லை. இங்கே மாறுவது அயனிகளின் எண்ணிக்கை. நீர்க்க நீர்க்க CH₃COOH ⇌ H⁺ + CH₃COO⁻ என்ற சமநிலை வலப்பக்கம் நகர்கிறது. அதனால்தான் Λ-வை Λ° ஆல் வகுத்துப் பிரிகை வீதம் என்று சொல்ல இங்கே நியாயம் இருக்கிறது. அர்ரேனியஸ் 1880-களில் முன்வைத்தது இந்தக் கருத்தையே. அவர் அதை எல்லா மின்பகுளிகளுக்கும் பொருத்தினார். வலிமை மிகு மின்பகுளிகளில் அது நிற்கவில்லை, வலிமை குறைந்தவற்றில் இன்றும் நிற்கிறது.

அசிட்டிக் அமிலத்தின் Λ°-ஐ எப்படிப் பெறுவது

KCl-க்கு இது எளிது. √c-ஐ கிடைமட்ட அச்சிலும் Λ-வை செங்குத்து அச்சிலும் குறித்து, கோட்டை பூஜ்யம் வரை நீட்டினால் போதும். 0.001, 0.01 மோலார் புள்ளிகள் இரண்டை மட்டும் வைத்து நீட்டினாலே 149.5 கிடைக்கிறது. சரியான மதிப்பு 149.9. நீர்த்த புள்ளிகள் இன்னும் சில சேர்த்தால் அந்த 0.4-உம் போய்விடும். 0.1 மோலார் புள்ளியை இந்தக் கோட்டில் சேர்க்கக் கூடாது. அங்கே வரைபடம் வளையத் தொடங்கிவிடும்.

அசிட்டிக் அமிலத்துக்கு இதே வழியில் போனால், √c குறையக் குறைய வளைகோடு செங்குத்தாக எழுந்துகொண்டே போகும். எங்கே வெட்டுகிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. "அப்போது இன்னும் நீர்த்துப் பார்க்கலாமே" என்று தோன்றும். எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 99 சதவீதம் பிரிய வேண்டுமானால், அதாவது பிரிகை வீதம் α 0.99 ஆக வேண்டுமானால், பிரிகை மாறிலி K 1.75 × 10⁻⁵ என்று கொண்டு, c = K(1−α)/α² என்ற தொடர்பில் போட்டால் செறிவு ஏறத்தாழ 1.8 × 10⁻⁷ மோலார் வருகிறது. அந்தக் கரைசலில் அமிலம் தரும் κ சுமார் 0.07 µS cm⁻¹. மிகத் தூய தண்ணீரின் κ-வே 0.055. ஆய்வகத்தில் காற்றுப்படத் திறந்திருக்கும் காய்ச்சி வடித்த நீர், கரைந்த கார்பன் டை ஆக்சைடினால் மட்டுமே 1 µS cm⁻¹ அருகே காட்டும். அளக்க வேண்டியது தண்ணீரின் பின்னணியில் மூழ்கிப்போகிறது. ஆக நீர்த்துப் பார்ப்பது வழியல்ல.

வழியைக் காட்டியவர் கோல்ராஷ். அளவிலா நீர்த்தலில் அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை, ஆகவே Λ° என்பது நேர் அயனியின் பங்கும் எதிர் அயனியின் பங்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. இதுவே அவருடைய அயனிகளின் தனித்த இடப்பெயர்ச்சி விதி. பிறகு வேலை கூட்டல் கழித்தல்தான். H⁺ வேண்டும், CH₃COO⁻ வேண்டும். இரண்டையும் வலிமை மிகு மின்பகுளிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்:

Λ°(CH₃COOH) = Λ°(HCl) + Λ°(CH₃COONa) − Λ°(NaCl)

= 426.2 + 91.0 − 126.5 = 390.7

மூன்றுமே வலிமை மிகு மின்பகுளிகள், மூன்றுக்கும் √c நேர்கோடு கிடைக்கும். சோடியமும் குளோரைடும் கழிந்துபோய் நமக்கு வேண்டிய இரண்டும் மட்டும் மிஞ்சுகின்றன. 390.7-இல் ஹைட்ரஜன் அயனியின் பங்கு மட்டும் 350 அருகே, அசிட்டேட்டின் பங்கு 41 அருகே. H⁺ அயனி தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே கைமாறிக் கைமாறிச் செல்வதால் மற்ற அயனிகளைவிடப் பல மடங்கு வேகம். அதனால்தான் அமிலம் சிறிதளவே பிரிந்திருந்தாலும் கடத்துமானியில் தெளிவாகத் தெரிகிறது.

ஆய்வகத்தில் நேரம் இருந்தால் HCl, சோடியம் அசிட்டேட், NaCl மூன்றையும் நீங்களே நான்கு நான்கு செறிவுகளில் அளந்து நீட்டிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் மேலே உள்ள மதிப்புகளை எடுத்துக்கொள்ளலாம், அதில் குறையொன்றும் இல்லை.

ஆய்வகத்தில்: படிப்படியாக

முதலில் வெப்பநிலை. உப்புக் கரைசல்களின் கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். அரை டிகிரி விலகினாலே உங்கள் மூன்றாவது இலக்கம் போய்விட்டது. எனவே கலத்தையும் கரைசல்களையும் 25.0 டிகிரியில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் குறைந்தது பத்து நிமிடம் வைத்த பிறகே அளக்க வேண்டும். கடத்துமானியில் "தானியங்கி வெப்பநிலைத் திருத்தம்" என்று ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது உப்புக் கரைசலுக்கு ஏற்ற 2 சதவீத விகிதத்தில் திருத்துவது. அசிட்டிக் அமிலத்தில் கடத்துவது பெரும்பாலும் H⁺. அதன் பங்கு ஒரு டிகிரிக்கு 1.4 சதவீதம் அளவுக்குத்தான் மாறும். பிரிகை மாறிலியும் 25 டிகிரி அருகே மிகக் கொஞ்சமே மாறும். ஆகவே கருவி தேவைக்கு அதிகமாகத் திருத்தி, தவறான மதிப்பைக் காட்டும்.

இரண்டாவது, கலமாறிலி. 0.0100 மோலார் KCl-இன் κ 25 டிகிரியில் 1413 µS cm⁻¹. கடைகளில் கிடைக்கும் அளவுத்திருத்தக் கரைசல் புட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் பெரும்பாலும் இதுவே. நீங்களே தயாரிப்பதானால் KCl-ஐ உலர்த்தி, ஆறவிட்டு, 0.7456 கிராம் எடை போட்டு ஒரு லிட்டர் திட்டக் குடுவையில் குறி வரை நிரப்புங்கள். கலத்தை முதலில் காய்ச்சி வடித்த நீரிலும், பிறகு அந்த KCl கரைசலிலேயே இரண்டு மூன்று முறையும் அலசி, பிறகு அளக்கவும். கருவி G = 1520 µS என்று காட்டினால் கலமாறிலி 1413 ÷ 1520 = 0.930 cm⁻¹. கலத்தின் மேல் "1.0" என்று எழுதியிருக்கலாம். அதை நம்பிக் கணக்கிட்டால் எல்லா κ மதிப்பிலும் 7 சதவீதப் பிழை ஒளிந்திருக்கும்.

மின்வாய்களைத் துணியால் துடைக்கக் கூடாது. அவற்றின் மேல் கருப்பாகத் தெரிவது நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினப் படிவு, அழுக்கு இல்லை. பரப்பைப் பெரிதாக்கி, மின்வாயில் ஏற்படும் முனைவாக்கத்தைக் குறைப்பது அதன் வேலை. நேர்மின்னோட்டம் இல்லாமல் மாறுமின்னோட்டம் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காக. துடைத்தால் படிவு உதிரும், கலமாறிலி மாறும். வேலை முடிந்ததும் நீரில் மூழ்க வைத்துவிடுங்கள். இந்தப் படிவால் ஒரு தொல்லையும் உண்டு: முந்தைய கரைசலை இது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் நீர்த்த கரைசலிலிருந்து தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போவது நல்லது. ஒவ்வொரு கரைசலுக்கும் வாசிப்பு நிலைத்து நிற்கும்வரை புதிய கரைசலால் அலசிக்கொண்டே இருங்கள். இரண்டு அடுத்தடுத்த நிரப்பல்களில் ஒரே வாசிப்பு வந்தால் அது சரியான வாசிப்பு.

மூன்றாவது, அமிலம். கிளேசியல் அசிட்டிக் அமிலம் சுமார் 17.4 மோலார். புகைக்கூண்டுக்குள் வைத்து 6 மில்லிலிட்டர் எடுத்து நீரில் ஊற்றி ஒரு லிட்டராக்கினால் 0.1 மோலார் அருகே வரும். "அருகே" என்பது இங்கே போதாது. ஃபீனால்ஃப்தலீன் போட்டு, தரப்படுத்திய சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்துச் சரியான செறிவைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அது 0.0984 மோலார் என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து 25 மில்லிலிட்டர் பிப்பெட்டால் எடுத்து 250 மில்லிலிட்டர் திட்டக் குடுவையில் நிரப்பினால் 0.00984 மோலார். அதிலிருந்து மறுபடி பத்து மடங்கு, மறுபடி பத்து மடங்கு. அடுத்தடுத்து நீர்க்கும்போது பிப்பெட்டின் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே வரும். ஆகவே மூன்று முறைக்கு மேல் தொடர வேண்டாம். நீர்க்கப் பயன்படுத்தும் நீர் முழுவதும் ஒரே பாத்திரத்திலிருந்து வரட்டும்.

நான்காவது, தண்ணீர். அதன் κ-வையும் அளந்து எழுதி வையுங்கள். NaCl, சோடியம் அசிட்டேட் போன்ற உப்புகளுக்கு, கரைசலின் κ-விலிருந்து தண்ணீரின் κ-வைக் கழிக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தில் அப்படி முழுவதையும் கழித்துவிடக் கூடாது. தண்ணீரின் கடத்துதலில் பெரும்பகுதி கரைந்த கார்பன் டை ஆக்சைடு தரும் H⁺, HCO₃⁻ அயனிகளால் வருவது. அசிட்டிக் அமிலம் சேர்ந்ததும் அதன் H⁺ காரணமாகக் கார்பானிக் அமிலத்தின் பிரிகை அநேகமாக அடங்கிவிடுகிறது. அங்கே இல்லாத ஒன்றைக் கழித்தால் விடை குறைவாக வரும். 0.01 மோலாரில் இந்த வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 0.0001 மோலாரில் பொருட்படுத்தத்தான் வேண்டும். அங்கே கொதிக்க வைத்து, காற்றுப்படாமல் ஆறவிட்ட நீரைப் பயன்படுத்துவதே நல்ல தீர்வு.

ஒரு வாசிப்பிலிருந்து விடை வரை

சரி, 0.00984 மோலார் அமிலத்துக்கு கருவி 173.2 µS காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

κ = 173.2 × 0.930 = 161.1 µS cm⁻¹

Λ = 161.1 ÷ 9.84 = 16.37

α = 16.37 ÷ 390.7 = 0.0419

அதாவது நூற்றுக்கு நான்கு மூலக்கூறுகள்தான் பிரிந்திருக்கின்றன. ஆஸ்வால்டின் நீர்த்தல் விதியில் இதைப் போட்டால்:

K = cα²/(1−α) = 0.00984 × 0.001756 ÷ 0.9581 = 1.80 × 10⁻⁵

இந்தச் சமன்பாட்டில் κ இருமடியாக வருகிறது. அதனால் κ-வில் ஒரு சதவீதப் பிழை K-வில் இரண்டு சதவீதமாக வெளிப்படும். செறிவில் ஒரு சதவீதப் பிழை K-வில் ஒரு சதவீதம் மட்டுமே. உங்கள் கவனம் எங்கே அதிகம் வேண்டும் என்பதை இது சொல்லிவிடும்: கலமாறிலியிலும் வெப்பநிலையிலும்.

ஒரே ஒரு செறிவில் K கண்டுவிட்டு நிறுத்தக் கூடாது. பல செறிவுகளில் K மாறாமல் வருகிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மாக்கின்னஸ், ஷெட்லோவ்ஸ்கி இருவரும் 1932-இல் வெளியிட்ட அசிட்டிக் அமில அளவீடுகள் இந்தத் துறையில் பெயர்பெற்றவை. அவற்றில் சிலவற்றை எடுத்து, மேலே செய்த அதே கணக்கைச் செய்தால் இப்படி வருகிறது:

| செறிவு (மில்லிமோலார்) | Λ | α | K × 10⁵ |
|---|---|---|---|
| 0.02801 | 210.4 | 0.538 | 1.76 |
| 0.1114 | 127.8 | 0.327 | 1.77 |
| 1.028 | 48.15 | 0.123 | 1.78 |
| 9.842 | 16.37 | 0.0419 | 1.80 |
| 20.00 | 11.57 | 0.0296 | 1.81 |
| 100.0 | 5.20 | 0.0133 | 1.80 |

செறிவு மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு ஏறியிருக்கிறது, K மூன்று சதவீதம் மாறியிருக்கிறது. பிரிகை வீதம் என்ற கருத்து அசிட்டிக் அமிலத்தில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. இதே கணக்கை KCl-க்குச் செய்து பாருங்கள்: 0.001 மோலாரில் "K" 0.048, 0.01 மோலாரில் 0.15, 0.1 மோலாரில் 0.53. செறிவோடு சேர்ந்து பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மாறிலி என்று அதைச் சொல்ல வழியே இல்லை. முன்பின் தெரியாத ஒரு மின்பகுளி கையில் கிடைத்தால் அது எந்த வகை என்று அறிய இந்தச் சோதனை போதும். Λ-வின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அந்த மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது

அட்டவணையின் கடைசி நிரலில், 20 மில்லிமோலார் வரை, K 1.76-லிருந்து 1.81-க்கு மெல்ல ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அளவீட்டுப் பிழையாக இருந்தால் மேலும் கீழும் சிதறியிருக்கும். ஒரே திசையில் போவதால் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. α = Λ/Λ° என்று எழுதியபோது, பிரிந்த அயனிகள் அளவிலா நீர்த்தலில் ஓடும் அதே வேகத்தில் ஓடுகின்றன என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம். KCl-இல் பார்த்த வேகக் குறைவு இங்கேயும் உண்டு, அயனிகள் குறைவு என்பதால் சிறிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

திருத்துவது கடினமில்லை. 0.00984 மோலார் கரைசலையே எடுத்துக்கொள்வோம். அயனிகளின் செறிவு cα = 0.00984 × 0.0419 = 0.000412 மோலார். அதன் வர்க்கமூலம் 0.0203. ஓன்சாகர் சமன்பாட்டில் Λ° = 390.7 போட்டால் சரிவு 149.7. ஆக இந்த அயனிச் செறிவில், முழுவதும் பிரிந்த அசிட்டிக் அமிலம் ஒன்று இருந்திருந்தால் அதன் மோலார் கடத்துத்திறன் 390.7 − 149.7 × 0.0203 = 387.7 ஆக இருந்திருக்கும். வகுக்க வேண்டியது 390.7 ஆல் இல்லை, இந்த எண்ணால்:

α = 16.37 ÷ 387.7 = 0.0422

ஓன்சாகர் சமன்பாட்டில் c-க்குப் பதில் cα போடுவதைக் கவனியுங்கள். பிரியாத மூலக்கூறுகளுக்கு மின்சுமை இல்லை, அவை அயனிச் சூழலை உண்டாக்குவதில்லை. புதிய α-வை வைத்து cα-வை மறுபடி கணக்கிட்டு இன்னொரு சுற்று வரலாம், ஆனால் இங்கே மூன்றாவது இலக்கம்கூட மாறாது.

இந்த α-வில் K = 1.83 × 10⁻⁵ வருகிறது. முன்பைவிடக் கூடிவிட்டதே என்று திகைக்க வேண்டாம், இன்னொரு திருத்தம் பாக்கி இருக்கிறது. உண்மையில் மாறாதிருப்பது செறிவுகளால் எழுதிய K இல்லை, செயல்திறன்களால் எழுதிய K. செயல்திறன் கெழுவுக்கு டிபை–ஹக்கெல் எல்லை விதி log γ = −0.509 √(cα). இங்கே γ² = 0.954. பெருக்கினால் K = 1.75 × 10⁻⁵. அட்டவணையின் முதல் வரிசை, 0.028 மில்லிமோலார் கரைசலுக்கும் இதே இரண்டு திருத்தங்களைச் செய்தால் 1.75 × 10⁻⁵ தான் வருகிறது. 350 மடங்கு செறிவு வேறுபாடு இருந்தும் இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன. 20 மில்லிமோலாருக்கு 1.74 வரும். எல்லை விதி மெல்லத் தளரத் தொடங்குவதன் அடையாளம் அது. 0.1 மோலாரில் இந்த எளிய திருத்தத்தை நம்ப வேண்டாம், அங்கே கரைப்பானின் தன்மையே சற்று மாறியிருக்கும்.

கல்லூரி ஆய்வகப் பதிவேட்டுக்குத் திருத்தமில்லாத 1.8 × 10⁻⁵ போதும். ஆனால் "என் விடை புத்தக விடையிலிருந்து மூன்று சதவீதம் விலகியிருக்கிறது, கருவிப் பிழை" என்று எழுதும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்து பாருங்கள். பல சமயம் கருவியின்மேல் தவறே இருக்காது.

நேர்கோடு வரைவதில் ஒரு கண்ணி

ஆஸ்வால்ட் விதியில் α-வுக்கு Λ/Λ° போட்டு மாற்றி எழுதினால் இது கிடைக்கும்:

cΛ = K(Λ°)² (1/Λ) − KΛ°

1/Λ-வை கிடைமட்டத்திலும் cΛ-வை செங்குத்திலும் குறித்தால் நேர்கோடு. சரிவை வெட்டுத்துண்டின் எண்மதிப்பால் வகுத்தால் Λ°. கோல்ராஷ் விதியே தேவையில்லை போலத் தோன்றும், பல செய்முறைக் கையேடுகளும் இதை மாற்று வழியாகத் தருகின்றன. கோடு பார்க்க அழகாகவும் இருக்கும். அந்த அழகை நம்பிவிடக் கூடாது.

மேலே உள்ள அட்டவணையில் 20, 100 மில்லிமோலார் புள்ளிகள் இரண்டை மட்டும் எடுத்துக் கோடு போட்டால் சரிவு 2.73, வெட்டுத்துண்டு −0.0042. வகுத்தால் Λ° 650 என்று வருகிறது! உண்மை மதிப்பு 390.7. மிக நீர்த்த இரண்டு புள்ளிகளை எடுத்தால் சரிவு 2.72, வெட்டுத்துண்டு −0.00702, Λ° 387. சரிவு அநேகமாக மாறவே இல்லை. வெட்டுத்துண்டுதான் ஆட்டம் காண்கிறது. அடர்ந்த புள்ளிகளில் cΛ 0.2, 0.5 என்று பெரிதாக இருக்க, வெட்டுத்துண்டு அதில் நூற்றில் ஒரு பங்குதான். மேலே சொன்ன மூன்று சதவீத நகர்வே அதை நிலைகுலையச் செய்யப் போதுமானது. இங்கே அளந்தவர்கள்மேல் குற்றமில்லை, உலகத்தரமான அளவீடுகளையே இப்படி வரைந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே இந்த வரைபடத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்: Λ°-ஐ கோல்ராஷ் விதியிலிருந்து எடுத்துக்கொண்டு, சரிவிலிருந்து மட்டும் K காணுங்கள். 2.72-ஐ 390.7-இன் இருமடியால் வகுத்தால் 1.78 × 10⁻⁵. வெட்டுத்துண்டிலிருந்து Λ° காணச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், 1 மில்லிமோலாருக்குக் கீழே உள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மோனியா, ஃபார்மிக் அமிலம், பென்சாயிக் அமிலம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கோல்ராஷ் கூட்டலில் எந்த மூன்று மின்பகுளிகள் என்பது மட்டும் மாறும். அம்மோனியாவுக்கு NH₄Cl, NaOH, NaCl. அதில் தண்ணீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அடங்கிப்போகாது, அம்மோனியாவோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாகும். அந்த அளவீட்டுக்குக் கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.